முப்பத்தொரு சதம்

பதுளை பஸாரில் ‘ஒரு சதம் மர்ஸூக்’ என்று கேட்டால் யாரும் கை நீட்டி வழி காட்டுவார்கள். கையை நீட்டும்போது கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்கள். மனுசன் கஞ்சன், ரூபாயில் நூற்றில் ஒரு பங்கான ஒரு சதத்துக்காகப் பெற்ற வாப்பாவோடும் சண்டை பிடிப்பான், அதனால்தான் அந்தப் பெயர் என்பது ஊர் முடிவு. ஊருக்கு என்ன தெரியும்? சதம் என்றாலே மர்ஸூக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தைந்து வருஷம் ஹுமைத் முதலாளியின் மொத்தக் கடையில் கணக்கு எழுதிய அந்த மனுசனின் ஜென்ம விரோதி யாரென்றால், சதம்தான்.

கடையில் கருவாடு, உப்பு, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் மொத்தமாக விற்றார்கள். எடுப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆபீஸ்கள், மீதிப் பேர் எல்ல, பெரகல, நமுனுகுல பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள். விலை சொல்வது அந்தர் கணக்கில், நிறுப்பது இறாத்தல் கணக்கில். ஒரு அந்தருக்கு நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் என்று எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அவனை மர்ஸூக் ஏசாத நாள் கிடையாது. அந்தர் இருநூற்றைம்பது ரூபாய்க் கருவாட்டில் பதின்மூன்று இறாத்தல் எடுத்தால் இருபத்தொன்பது ரூபாய் ஒன்றே முக்கால் சதம் வரும். முக்கால் சதத்தை எந்தப் பெட்டியில் போடுவது? மர்ஸூக் இரண்டு சதமாக்கிப் பில் எழுதுவார். சின்னக் கடைக்காரன் இருபத்தொன்பது ரூபாயை வைத்துவிட்டு, “ரெண்டு சதத்துக்கு என்ன நானா, பொறகு பாப்பம்” என்று அண்ணன் முறையில் ‘நானா’ போட்டுச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். இன்னொருவன் இருபது ரூபாய் ஒன்பது சதத்துக்கு இருபது ரூபாய் பத்துச் சதம் கொடுத்துவிட்டு மிச்சம் கேட்கமாட்டான். பேரேட்டில் முன்னவன் பக்கத்தில் இரண்டு சதம் அவன் தர வேண்டியதாக நிற்கும். பின்னவன் பக்கத்தில் ஒரு சதம் கடை தர வேண்டியதாக நிற்கும்.

தோட்டத்து ஆபீஸ்கள் இன்னும் மோசம். மர்ஸூக் ஒவ்வொரு பில்லிலும் சதத்தை முழுசாக்குவார். அங்கே இருக்கிற கிளார்க்மார் மாசக் கடைசியில் எல்லா இறாத்தலையும் ஒன்றாகக் கூட்டி, ஒரே தரம் பெருக்கி, ஒரே தரம் முழுசாக்கிச் செக் எழுதுவார்கள். இரண்டு பேர் செய்வதும் சரி. இரண்டு பேருக்கும் விடை வேறு. வித்தியாசம் மூன்று சதம், நான்கு சதம். அதை மாசா மாசம், வருஷா வருஷம் அடுத்த பக்கத்துக்கு இறக்கி எழுதுவது மர்ஸூக்கின் தலைவிதி. வருஷ முடிவில் நிலுவைப் பட்டியல் போட்டால் உருப்படியான கணக்குகளுக்கு நடுவே இந்தச் சதங்கள் அரிசியில் கல் மாதிரிக் கிடக்கும். பொறுக்கவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

அறுபத்தெட்டாம் வருஷ முடிவில்தான் ஒரு விடிவு வந்தது. கணக்குப் பார்க்க வந்த ஓடிட்டர், பட்டியலைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் இதைச் சுமந்து கொண்டு திரியிறீங்க? ஒரு ரூபாய்க்குக் கீழே உள்ளது எல்லாத்தையும் சில்லறை வித்தியாசம் என்று ஒரு கணக்குத் திறந்து அதுக்குள் தள்ளி மூடுங்க. முதலாளி கையெழுத்துப் போட்டால் போதும்” என்றார். மர்ஸூக்குக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

ஜனவரி முதல் கிழமை முழுவதும் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். நாற்பத்தொரு பெயர். இருபத்திரண்டு பேர் கடைக்குத் தர வேண்டியது மொத்தம் நான்கு ரூபாய் பன்னிரண்டு சதம். பத்தொன்பது பேருக்குக் கடை தர வேண்டியது மூன்று ரூபாய் எண்பத்தேழு சதம். இரண்டையும் சில்லறை வித்தியாசத்தில் தள்ளினால் கடைக்கு நட்டம் வெறும் இருபத்தைந்து சதம். நாற்பத்தொரு பக்கமும் சுத்தம். கடைசி வரியைச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டு முடித்தபோது, இருபத்திரண்டு வருஷ எரிச்சல் அவ்வளவும் இறங்கிப் போனது போலிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி ஜெனீராவிடம் இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை அந்தத் தாளை முதலாளியிடம் நீட்டினார்.

ஹுமைத் முதலாளிக்கு அந்த வருஷம் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை பயணம். இன்னும் போகவே இல்லை, அதற்குள் பஸாரில் பாதிப் பேர் ஹாஜியார் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். பயணம் போகிறவர் கடன் தீர்த்து, கண்ட பேரிடமெல்லாம் பிழை பொறுக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது வழமை. முதலாளி அதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டிருந்தார். எப்போதோ ஏசிய மூட்டைக்காரனைக்கூடத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, அவனைப் பயங்காட்டி வைத்திருந்தார்.

தாளை மேலிருந்து கீழாக வாசித்தார். முதல் பாதிக்குத் தலையாட்டினார். இரண்டாம் பாதியில் விரல் நின்றது.

“மர்ஸூக், இது என்ன?”

“நாங்க குடுக்க ஈக்கிற சில்லறை. பத்தொன்பது பேர். வெட்டி மூடியாச்சு.”

“அவங்க எங்களுக்குத் தர ஈக்கிறத நான் வெட்டுவன். அது என்ட சல்லி, எனக்கு விட்டுக்குடுக்க ஏலும். நாங்க அவங்களுக்குக் குடுக்க ஈக்கிறத வெட்ட நீ ஆரு, நான் ஆரு? அது அவங்கட ஹக்கு, அவங்கட உரிமை. அவங்க செல்லோணும், விட்டுட்டோம் எண்டு.”

“முதலாளி, ஒருத்தனுக்கு ரெண்டு சதம், ஒருத்தனுக்கு நாலு சதம்...”

“ரெண்டு சதத்துக்கு மறுமையில கேள்வி இல்ல எண்டு உனக்கு ஆரு செல்லின?”

முதலாளி பேனையை மூடினார். பத்தொன்பது பேரிடமும் போ, காசைக் கையில் கொடு, வேண்டாம் என்றால் மனதார விட்டேன் என்று சொல்ல வை, பெயருக்கு நேரே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கு, வெள்ளிக்கிழமைக்குள் முடி, அதற்குப் பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன் என்றார். மூன்று ரூபாய் எண்பத்தேழு சதத்தைச் சில்லறையாக எண்ணி ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். பஸ் காசுக்கு வேறாகப் பதினைந்து ரூபாய் கொடுத்தார். மூன்று ரூபாயைக் கொடுத்து முடிக்கப் பதினைந்து ரூபாய்! இந்தப் பதினைந்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மர்ஸூக் கேட்க நினைத்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அந்தக் கிழமை மர்ஸூக் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. எல்லவில் ஒரு கடைக்காரன், மூன்று சதத்துக்காக மெனக்கெட்டு வந்தவரைக் கண்டதும் ஏதோ பெரிய வில்லங்கம் வருகிறதென்று பயந்து கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பண்டாரவளையில் ஒரு ஹோட்டல்காரர் ஐந்து சதத்தை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணிக்குப் பதினைந்து சதம் கேட்டார். இன்னொருவர், “ஏன், கடை மூடப் போறீங்களா?” என்று கேட்டு, மீதிக் கடைக்காரர்களுக்கும் அந்தக் கதையைப் பரப்பிவிட்டார். மர்ஸூக் போகும் இடமெல்லாம் அந்தக் கேள்வி முன்னால் போய் நின்றது.

செவ்வாய்க்கிழமை நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸுக்குப் போனார். தர வேண்டியது நான்கு சதம். அங்கேயிருந்த பெரிய கிளார்க், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் காசைப் பார்த்தார்.

“இத நான் எடுக்க ஏலாதுங்க. எடுத்தா ரசீது போடணும். ரசீது போட்டா காசுப் புத்தகத்துல ஏத்தணும். போன வருஷப் புத்தகம் மூடியாச்சு. நம்ம புத்தகத்துல உங்க கணக்கு சரியா நிக்கிது. நாலு சதம் எங்கிருந்து வந்துச்சுன்னு துரை கேட்டா நான் என்ன சொல்றது?”

“அப்ப விட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“நான் எப்பிடி விடுறது? தோட்டம் எங்கப்பன் வீட்டுதா? கம்பெனியோடது. கம்பெனி லண்டன்ல இருக்கு. வேணும்னா அங்க கடுதாசி போடுங்க.”

மர்ஸூக்குக்கு உச்சந்தலை சூடேறியது. நான்கு சதத்துக்கு லண்டனுக்குக் கடுதாசி! அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் கிளார்க் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். நான்கு சதத்தை அப்படியே இந்த வருஷக் கணக்கில் தொடக்க மிச்சமாக இறக்கி வையுங்கள், அடுத்த பில்லில் கழித்துக்கொள்வோம், அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

“நான் இருபத்திரெண்டு வருஷமா அதத்தானே செஞ்சிக்கிட்டு வாறேன்!” என்று மர்ஸூக் கத்தினார். வெளியே கொழுந்து மூட்டையோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளார்க் அசையவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மர்ஸூக் பட்டியலைப் பார்த்தார். மிச்சம் ஒரே ஒரு பெயர். நமுனுகுல வீரய்யா, முப்பத்தொரு சதம். பட்டியலில் இருந்த தொகைகளில் அதுவும் ஒரு பெரிய தொகை. ஒரு காலத்தில் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சின்னக் கடை வைத்திருந்தவன். இப்போது சரக்கு எடுப்பதில்லை. நாலைந்து வருஷமாக அந்த முப்பத்தொரு சதம் அவன் பக்கத்தில் கிடந்து, வருஷா வருஷம் இறங்கி இறங்கி வந்துகொண்டிருந்தது.

“வீரய்யாவா?” என்றார் கிளார்க். “மேல் டிவிஷனுக்கு நாலு மைல் ஏறணும். மழை வேற வருது. ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி அவனுக்கு இந்தியாப் பாஸ்போட்டு வந்துருச்சுங்க. வியாழக்கிழம அந்தி ரயிலுக்குக் குடும்பத்தோட போறான். தலைமன்னார் போயி கப்பலேறணும்.”

மர்ஸூக் மலையை அண்ணாந்து பார்த்தார். முப்பத்தொரு சதத்துக்கு நாலு மைல் ஏற்றம். அவன்தான் பதுளைக்கு வருகிறானே, ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடலாம் என்று பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார். அன்றைக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்காலத்தில் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறார். யோசித்து என்ன ஆகப் போகிறது?

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனார். உள்ளே விட மேடைச் சீட்டுக்குப் பத்துச் சதம் கேட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஐந்தாறு தோட்டத்துச் சனம் வந்திருந்தது. போகிறவர்கள் பத்துப் பதினைந்து குடும்பம், வழியனுப்ப வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், பித்தளைக் குடம், கூடையில் கட்டிய சட்டி பானை. பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு நடுவே ஒரு துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, “வீரய்யா ஆரு, நமுனுகுல வீரய்யா ஆரு?” என்று மர்ஸூக் கத்திக்கொண்டு போனார். தன்னை நினைத்துத் தனக்கே வெட்கமாக இருந்தது.

ரயிலோரத்தில் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தான். முன்பு பார்த்ததைவிட மெலிந்திருந்தான், தலை நரைத்திருந்தது. பக்கத்தில் மனைவி இராக்கம்மா நின்றாள்.

“நான்தாங்க வீரய்யா. நானா எங்க இந்தப் பக்கம்?”

மர்ஸூக் பையிலிருந்து மூன்று காசை எடுத்தார். ஒரு இருபத்தைந்து, ஒரு ஐந்து, ஒரு ஒன்று. “உன்ட கணக்கில மிச்சம் ஈந்த முப்பத்தொரு சதம். வாங்கிட்டு இதில ஒரு கைநாட்டு வை. எனக்கு நேரமில்ல.”

வீரய்யா காசை வாங்கினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு மர்ஸூக்குக்குப் பிடிக்கவில்லை.

“இன்னுமா நானா அதே முப்பத்தொரு சதம்?”

“என்ன?”

“அஞ்சு வருஷத்துக்கு முந்தி வந்தேன். முன்பணமாக் கட்டுன இருநூறு ரூவாயத் திருப்பிக் குடுங்க, தீவாளிக்கு வேற எடத்துல சரக்கு எடுக்கணும்னு கேட்டேன். நீங்க பொஸ்தகத்தைப் பொரட்டிப் பாத்துட்டு, ஒன் கணக்குல முப்பத்தொரு சதம்தான் இருக்குன்னு சொன்னீங்க.”

மர்ஸூக்குக்கு இலேசாக நினைவு வந்தது. “ஓ, நூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய் அறுபத்தொன்பது சதம் ஒரு பில் நீ கட்ட இல்ல. முன்பணம் அதில கழிஞ்சு போச்சு.”

“கட்டுனேன் நானா.”

“கட்டியிருந்தா என்ட புத்தகத்தில ஈக்கும்.” குரல் தானாகவே உயர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் புத்தகத்தை யாரும் பிழை என்று சொன்னதில்லை. “அப்ப ரசீது எங்க? அண்டைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கலாமே.”

“கொண்டாந்தேங்க. ரெண்டு தரம் கொண்டாந்தேன். ரெண்டு நாள் பேர் போச்சு எனக்கு, ரெண்டு நாள் சம்பளம். நீங்க தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. வருஷக் கடைசி, கணக்கு முடிக்கிற வேல, பொறகு வான்னீங்க. அடுத்த தரம் போனா, முப்பத்தொரு சதத்துக்கு என்ன இம்புட்டு ரகளைன்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க.”

இராக்கம்மா பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். “ஏ, இப்ப எதுக்குடி?” என்றான் வீரய்யா. அவள் கேட்கவில்லை. சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து, அதற்குள்ளிருந்த பாஸ்போட்டுகளுக்கு நடுவிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை உருவி மர்ஸூக்கின் கையில் வைத்தாள்.

நூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய் எழுபது சதம். அவர் கையெழுத்து. அறுபத்து மூன்றாம் வருஷம் செப்டெம்பர் மாசம். மேல் மூலையில் பென்சிலால் எழுதிய பக்க எண்ணும் அவர் எழுத்துத்தான். எந்த ரசீது எழுதினாலும் பேரேட்டில் ஏற்ற வேண்டிய பக்கத்தை மூலையில் குறித்துக்கொள்வது அவர் பழக்கம். அங்கே 141 என்றிருந்தது.

வீரய்யாவின் பக்கம் 114. மர்ஸூக்குக்கு அதெல்லாம் மனப்பாடம். 141 யாருடையது என்பதும் மனப்பாடம். பெரகல லத்தீப். அந்த நாளில் ஐந்நூறு, அறுநூறு என்று பாக்கி வைத்து இழுத்துக்கொண்டிருந்தவர். தன் பாக்கியில் இருநூறு திடீரென்று குறைந்ததைக் கண்டிருப்பார், வாயைத் திறந்திருக்கமாட்டார்.

அவர் நின்ற இடத்திலேயே கணக்கு ஓடியது. முன்பணம் இருநூறு. அதில் பில்லைக் கழித்தால் முப்பத்தொரு சதம். கட்டிய காசு வேறு பக்கம் போனதால் அந்த முப்பத்தொரு சதத்தோடேயே கணக்கு நின்றுவிட்டது. அது எந்தக் காலத்திலும் சில்லறை வித்தியாசமாக இருந்ததில்லை. இரண்டு பெரிய தொகை ஒன்றையொன்று விழுங்கி மிச்சம் துப்பியது அது. ஐந்து வருஷமாக அதைக் கையால் இறக்கி எழுதினார், ஒருமுறைகூட ஏன் என்று பார்க்கவில்லை. போன கிழமை சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டுப் புதைத்தும் விட்டார். முதலாளியின் பைத்தியக்காரத்தனம் இல்லாவிட்டால் இந்தத் தாள் இன்றைக்குக் கடல் தாண்டிப் போயிருக்கும்.

“எத்தன மணிக்கு ரயில்?”

“அஞ்சே முக்காலுங்க.”

மணி ஐந்து இருபத்தைந்து. மர்ஸூக் ரசீதையும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஐம்பது வயதுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பஸாரே வேடிக்கை பார்த்தது. தன்னை, லத்தீப்பை, நூற்றுப் பன்னிரண்டு இறாத்தலை, ஓடிட்டரை என்று ஒவ்வொருவராக ஏசிக்கொண்டே ஓடினார். கடைசியில் ஏசத் தன்னைத் தவிர யாரும் மிஞ்சவில்லை.

முதலாளி கல்லாவில் இருந்தார். மூச்சிரைக்க மர்ஸூக் சொன்னதையும் ரசீதையும் சேர்த்துப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியைத் திறந்து இருநூறு ரூபாயை எண்ணினார்.

“நானும் வாறன்” என்றார்.

காரை எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு மரக்கறி லொறி குறுக்கே நின்றது. மர்ஸூக் இறங்கி அந்த டிரைவரோடு பிடித்த சண்டையில் இரண்டு நிமிஷம் போனது. ஸ்டேஷனுக்குள் ஓடும்போது முதல் ஊதல் ஊதிவிட்டது. மேடைச் சீட்டு எங்கே என்று கேட்டவனை மர்ஸூக் பார்த்த பார்வையில் அவன் ஒதுங்கிக்கொண்டான்.

வீரய்யா ஜன்னலோரம் இருந்தான். முதலாளி நோட்டுகளை ஜன்னலுக்குள் நீட்டினார். வீரய்யா எண்ணிப் பார்த்தான். பத்து ரூபாய்த் தாள் இருபது. இராக்கம்மா அதை வாங்கி, தானும் ஒரு தரம் எண்ணி, முந்தானையில் முடிந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“தம்பி,” என்றார் முதலாளி, “பிழை எங்கட. நான் நாளண்டைக்கு மக்காவுக்குப் போறன். மனசார விட்டுட்டேன் எண்டு ஒரு வார்த்த செல்லுங்க.”

வீரய்யா இராக்கம்மாவின் முந்தானை முடிச்சைப் பார்த்தான். வழியனுப்ப வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காசு வந்துருச்சு மொதலாளி. அதுக்குக் கும்பிடுறேன். ஆனா அந்தத் தீவாளிக்குச் சரக்கெடுக்க முடியாம கடையக் கட்டுனேன். காசக் குடிச்சுத் தொலச்சுட்டு, கடைக்காரங்க மேல பழி போடுறான்னு லயமே பேசுச்சு. எம்பொண்டாட்டிகூட ரெண்டு வருஷம் நம்பல. அத நான் எப்பிடி விட்டேன்னு சொல்றது? சொன்னாப் பொய்யாப் போகும். நீங்க நல்ல எடத்துக்குப் போறீங்க, ஒங்ககிட்ட நான் பொய் சொல்லக் கூடாது.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். வண்டி மெல்ல நகர்ந்தது. வீரய்யா திடீரென்று ஏதோ நினைத்துக்கொண்டவன் போல் சட்டைப்பையைத் துழாவினான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கூடவே நடந்த மர்ஸூக்கின் உள்ளங்கையில் மூன்று காசை வைத்தான். ஒரு இருபத்தைந்து, ஒரு ஐந்து, ஒரு ஒன்று.

“எனக்குச் சேர வேண்டியது இருநூறு. இது ஒங்களோடது நானா. அடுத்தவங்க காசு எனக்கு வேணாம்.”

“இல்ல, இதில ஒரு சதம் உன்ட! நீ எழுபது சதம் கட்டினாய், பில் அறுபத்தொன்பது! வீரய்யா, ஒரு சதம்!” மர்ஸூக் காசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியோடு ஓடினார். கேட்டதோ என்னவோ, வீரய்யா கையைக் காட்டினான். மேடை முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி பட்டியலைக் கேட்டார். பதினெட்டுப் பெயருக்கு நேரே கையெழுத்து இருந்தது. ஒன்றுக்கு நேரே வெறுமையாக இருந்தது. அந்தத் தாளை மடித்துத் தன் பயணப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து ஹாஜியார் ஆன பிறகும், நாற்பத்தொரு பெயருக்கு வெட்டிய அந்தச் சில்லறை வித்தியாசத் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. மர்ஸூக்கும் கேட்கவில்லை. சிவப்புக் கோட்டை அடித்து நீக்கிவிட்டு ஒவ்வொரு சதத்தையும் அதனதன் பக்கத்தில் மறுபடி இறக்கி எழுதினார். எழுதும் முன் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பில்லையும் ரசீதையும் வைத்து அடிவரை பார்த்தார். அதற்கு இரண்டு மாசம் பிடித்தது. லத்தீப்பின் பக்கத்தில் நூற்றித் தொண்ணூற்றொன்பது ரூபாய் எழுபது சதத்தைப் பற்றில் ஏற்றி, வீரய்யாவின் பக்கத்தில் அதே தொகையை வரவில் ஏற்றினார். ஐந்து வருஷம் கழித்து என்ன புதுக்கதை என்று லத்தீப் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். மர்ஸூக் அன்றைக்குத் திருப்பிச் சத்தம் போடவில்லை, ரசீதை மட்டும் காட்டினார். லத்தீப் நான்கு தவணையில் கட்டினார்.

வீரய்யாவின் பக்கத்தில் கொடுத்த இருநூறையும் எழுதிய பிறகு மிச்சம் நின்றது ஒரு சதம். கடை தர வேண்டியது.

இந்தியாவில் எந்த ஊருக்குப் போனான் என்று நமுனுகுலவில் விசாரித்தார். ஒருவர் ஒரு ஊர் சொன்னார், இன்னொருவர் வேறு ஊர் சொன்னார். இரண்டுக்கும் கடுதாசி போட்டார். ஒன்று திரும்பி வந்தது, மற்றது அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷ முடிவு வந்து போனது. தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, அந்தரும் இறாத்தலும் போய்க் கிலோ வந்தது, ஹாஜியார் மௌத்தானார், அவர் மகன் ஷுக்ரி கல்லாவில் உட்கார்ந்தார். வருஷத்துக்கொரு புது ஓடிட்டர் வந்து, பட்டியலில் விரலை வைத்து, “இது என்ன ஒரு சதம்? வெட்டி விடுங்களேன்” என்பார். மர்ஸூக் ஏசுவார். காரணம் சொல்லமாட்டார், ஏச மட்டும் செய்வார். அந்த ஏச்சைக் கேட்டுத்தான் பஸாரில் அவருக்கு அந்தப் பெயர் வைத்தார்கள்.

எண்பத்திரண்டில் வேலையை விட்ட அன்று, பேரேட்டைப் புதிதாக வந்த பிள்ளையிடம் ஒப்படைத்தார். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை அவரே திறந்து, புது வருஷத்துக்கு மிச்சத்தை இறக்கி எழுதினார். நமுனுகுல வீரய்யா. தர வேண்டியது, ஒரு சதம்.